வெப்பமானிப் படம்: பாதரசமா, டிஜிட்டலா?

சுவரில் மாட்டிய அறை வெப்பமானியைக் கைபேசியில் படமெடுத்து, பிறகு அளவைக் குறித்துக்கொள்ளும்போது டிஜிட்டல்தான் சுலபம் என்று தோன்றும். எண் கண்ணெதிரே நிற்கிறதே! ஆனால் தவறாகப் படித்துவிட்டால், அதே படத்தை வைத்துத் திருத்திக்கொள்ள வழி தருவது பாதரச வெப்பமானிதான்.

வீவக வீட்டுக் கூடம் ஒன்றில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். அளவுகோலில் 20, 30 என்ற எண்கள் தெரிகின்றன. பாதரசம் 20-க்கு மேல் நாலரைக் கட்டம் ஏறியிருக்கிறது. அவசரத்தில் 24.5 என்று எழுதிவிடுவார்கள். ஏர்கான் ஓடும் அறைக்கு அது பொருந்துகிற எண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கோடுகளுக்கு இடையே உள்ள கட்டங்களை எண்ணிப் பாருங்கள்: 20-லிருந்து 30 வரை ஐந்துதான். ஆகவே ஒரு கட்டம் 2 டிகிரி. நாலரைக் கட்டம் 9 டிகிரி, சரியான அளவு 29 °C. பாதரசத்தின் மேல்முனை குவிந்திருக்கும். அந்தக் குவிவின் உச்சியைத்தான் படிக்க வேண்டும். குழாயில் இருப்பது சிவப்புத் திரவம் என்றால் அது பாதரசம் அல்ல, சாயம் கலந்த ஆல்கஹால் போன்ற திரவம். அதில் குழிவின் அடியைப் பாருங்கள்.

கேமரா இருக்கும் உயரமும் எண்ணை மாற்றும். குழாய் முன்னால், அளவுப் பலகை பின்னால் என்று அமைந்த வகையில், மேலிருந்து எடுத்த படம் குறைவாகக் காட்டும், கீழிருந்து எடுத்தது கூடுதலாகக் காட்டும். பாதரச முனையின் மட்டத்திலேயே கைபேசியைப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வெள்ளிப் பளபளப்பில் முனை மறைந்துபோகும்.

டிஜிட்டலில் கோணத்தால் எண் மாறாது. ஆனால் சாய்வாக எடுத்தால் திரையின் கோடுகள் மங்கி, 8 என்பது 6 போலவோ 9 போலவோ தெரியலாம். அதைவிடப் பெரிய சிக்கல் 75 போன்ற எண். அது 75 % என்றால் ஈரப்பதம். 75 °F என்றால் (75 − 32) × 5/9, ஏறத்தாழ 23.9 °C. இரண்டுமே சிங்கப்பூர் வீட்டில் சாதாரணமாக வரக்கூடியவை. திரையை வெட்டாமல் முழுவதும் படமெடுத்தால்தான் அலகு தெரியும். ஓரத்தில் MAX அல்லது MIN என்று இருந்தால் அது இப்போதைய வெப்பநிலையே அல்ல, கருவி நினைவில் வைத்த பழைய அளவு.

அலகு கேள்விக்குறியாகும் இடத்தில், இரண்டு எண்ணும் கோடும் தெரியும் பாதரசப் படத்தையே நான் நம்புவேன். அலகோடு முழுத்திரையும் தெளிவாக விழுந்திருந்தால் டிஜிட்டல் போதும், வேகமும் கூட.

குறிக்கும்போது எண், ஓர் இடைவெளி, பிறகு °C. வெறும் 29° என்றோ 29C என்றோ எழுத வேண்டாம். மேற்சொன்ன பாதரசப் படத்திலிருந்து 29 °C என்றுதான் எழுதலாம், 29.0 என்பது அந்தக் கோடுகள் தராத நுணுக்கம். டிஜிட்டல் 29.4 °C காட்டினால் அப்படியே எழுதுங்கள், ஆனால் கருவியின் தாளில் ±1 °C என்று இருந்தால் அதையும் பக்கத்தில் சேருங்கள். அப்போது 29-உம் 29.4-உம் முரண்படவில்லை என்பது புரியும்.