அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் கடிதம்: மூன்று வரைவுகள்

தண்டையார்பேட்டையில் மாடி வீடு, வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000 என்று வைத்துக்கொள்வோம். அக்ரிமென்ட் முடிந்து மே 31-ல் காலி செய்கிறார் குடியிருப்பவர். வாடகை பாக்கி இல்லை. அவர் மூன்று விதமாக எழுதலாம்.

முதலாவது கெஞ்சல்: "சார், பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், கொஞ்சம் பார்த்து அட்வான்ஸ் கொடுங்க." தேதியும் இல்லை, தொகையும் இல்லை. "பார்க்கலாம்பா" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

இரண்டாவது மிரட்டல்: "ஏழு நாளில் முழுத் தொகையும் தராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன்." 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் காலி செய்தபின் ஒரு மாதம் அவகாசம் தருகிறது, குடியிருப்பவர் தர வேண்டியதைக் கழித்துக்கொள்ளவும் விடுகிறது. ஆக, கெடுவும் தப்பு, தொகையும் தப்பு. விவரம் தெரிந்த ஓனர் அந்த ஓட்டையைத்தான் முதலில் பிடிப்பார். நல்ல ஓனரோ முகம் திருப்பிக்கொள்வார்.

மூன்றாவது கணக்கு:

"மே 31 மாலை சாவி ஒப்படைக்கிறேன். அட்வான்ஸ் 60,000. பேசியபடி பெயின்டிங்குக்கு 7,000, அன்றைய மீட்டர் ரீடிங் வரை கரன்ட் பில் 1,340. மீதி 51,660. சாவி தரும்போது 30,000, பாக்கி 21,660 ஜூன் 30-க்குள் தந்தால் போதும்."

என் ஓட்டு இதற்குத்தான். பெரும்பாலான ஓனர்களிடம் அட்வான்ஸ் கையில் இருக்காது. அடுத்து வருபவரிடம் வாங்கித்தான் தருவார்கள். அதை வெளியே சொல்லக் கூச்சப்படுபவருக்கு இரண்டு தவணை ஒரு வழி விடுகிறது. கழிவை நாமே எழுதிவிட்டதால், பிறகு புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்பினால் காரணம் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பாகிறது.

இந்த வரைவு சறுக்கும் இடம் எதைக் கழிக்கலாம் என்று சொல்லும் வரிதான். "ரிப்பேர் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாக எழுதினால் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்ட மாதிரி. ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், சுவர் பொரிந்து உதிரும். அது குடியிருப்பவர் செய்த சேதமல்ல. "கடல் காற்றால் துருப்பிடித்த கிரில் கழிவில் சேராது, உடைந்த பாத்ரூம் கொக்கியை மாற்றிவிட்டேன்" என்று பிரித்து எழுதுங்கள். பெயின்டிங்குக்கு எவ்வளவு என்று அக்ரிமென்டில் இருந்தால் அந்தத் தொகைதான், பேச்சுக்கு இடமில்லை. கரன்ட் பில் இரண்டு மாதக் கணக்கு என்பதால் சாவி தரும் நாளில் மீட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் ஓட்டிய ஏசியும் உங்கள் கணக்கில் வரலாம்.

மிரட்டல் வரைவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஜூன் 30 தாண்டியும் பணம் வராவிட்டால் அதே கணக்கை மேலே வைத்து, சட்டத்தின் ஒரு மாதக் கெடுவைக் குறிப்பிட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அப்போது அது வெற்று மிரட்டலாக இருக்காது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஒரு தாள் எடுத்துப் போய், "சாவி பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு ஓனரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.