சிங்க் மார்க்: மெஷின் செட்டிங்கா, மோல்டு வேலையா?

ஓசூரில் எங்கள் ஷெட்டில் இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினில் ஓடும் கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் கவர் ஒன்றின் மேல்பக்கம், உள்ளே பலத்துக்காக எழுப்பிய ரிப் என்ற மெல்லிய தடுப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் லேசாகக் குழி விழுந்தது. இதைத்தான் சிங்க் மார்க் என்கிறோம். நேராகப் பார்த்தால் தெரியாது. டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால், லைட்டின் வெள்ளைக் கோடு ரிப்புக்கு மேலே வரும்போது மட்டும் நெளியும். கஸ்டமர் அப்படித்தான் பிடித்துப் பார்த்தார், லாட்டைத் திருப்பிவிட்டார்.

முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, மெஷினில் செட்டிங்கை மாற்றி ஓட்டுவது. இன்னொன்று, மோல்டை இறக்கி ரிப்பை ஒல்லியாக்குவது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது நான் மோல்டு வேலை பக்கம்தான்.

செட்டிங்கில் உள்ள நன்மை தெரிந்ததுதான்: செலவில்லை, அன்றைக்கே செய்துவிடலாம். மெட்டீரியல் ஆறும்போது சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப, மெட்டீரியல் மோல்டுக்குள் நுழையும் வாசலான கேட் உறையும் வரை ஹோல்டிங் பிரஷரில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுகிறோம். கேட் உறைந்துவிட்டால் அதற்கப்புறம் எவ்வளவு தள்ளினாலும் ஒன்றும் போகாது. அது எப்போது உறைகிறது என்று தெரிந்துகொள்ளத் தராசு போதும். ஹோல்டிங் நேரத்தை ஒவ்வொரு நொடியாகக் கூட்டி, வரும் கவரை எடை போட்டோம். 4 நொடியில் 61.2 கிராம், 6 நொடியில் 61.9, 7 நொடியில் 62.1. அதற்கு மேல் 8, 9 நொடி வைத்தும் அதே 62.1தான். ஆக, 7 நொடிக்கு மேல் வைப்பது வீண்.

"அண்ணா, பிரஷரைக் கூட்டட்டுமா?" என்றார் ஆப்பரேட்டர் தம்பி. 60 பாரிலிருந்து 85 வரை கூட்டினோம். குழி பாதி குறைந்தது. ஆனால் கேட் பக்கம் மெட்டீரியல் நெருக்கி அடைந்தது, தூரத்து மூலைகளில் அப்படி அடையவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு சுருங்காததால் கவர் வளைந்தது. சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தால் மூலைக்குக் கீழே 0.6 மில்லி ஃபீலர் கேஜ் நுழைந்தது. சிங்க்கைத் துரத்தப்போய் வார்ப்பேஜை வாங்கிக்கொண்டோம். பிரஷரைக் கொஞ்சம் இறக்கி, கூலிங் நேரத்தைக் கூட்டித்தான் ஒரு வழியாக லாட்டை அனுப்பினோம். சைக்கிள் 38 நொடியிலிருந்து 46 ஆனது.

என் முடிவை மாற்றியது இந்த 8 நொடிதான். மணிக்கு 94 கவர் வந்த இடத்தில் 78தான் வந்தது. மெஷின் மணிக்கு 450 ரூபாய் என்று வைத்தால், ஒரு கவருக்கு 4.75 ரூபாயாக இருந்தது 5.75 ஆகிறது. ஆர்டர் ஓடும் வரை கவருக்கு ஒரு ரூபாய் போய்க்கொண்டே இருக்கும்.

மூலகாரணம் வேறு இடத்தில் இருந்தது. சுவர் 2.5 மில்லி, ரிப்பும் 2.5 மில்லி. இரண்டும் சேரும் இடத்தின் குறுக்குவெட்டை வரைந்து, உள்ளே அடங்கும் பெரிய வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். விட்டம் சுமார் 3.1 மில்லி வரும். ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அந்தச் சந்தி மற்ற சுவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் எடுக்கிறது. சுற்றிலும் இறுகியபின் நடுவில் சூடாக இருப்பது சுருங்கும்போது மேல்தோலை உள்ளே இழுக்கிறது. ரிப்பை 1.3 மில்லியாக்கினால் வட்டம் 2.7க்குள் வந்துவிடும், கூடுதல் நேரம் 15 சதவீதம்கூட இல்லை.

ஒரு சங்கடம் உண்டு. கவரில் ரிப் என்பது மோல்டில் பள்ளம். ரிப்பை ஒல்லியாக்க வேண்டுமென்றால் பள்ளத்தைக் குறுக்க வேண்டும், அதாவது ஸ்டீல் சேர்க்க வேண்டும். நாங்கள் வெல்டிங் போடாமல், அந்த இடத்தைக் குடைந்து தனி ஸ்டீல் துண்டாகப் புது இன்சர்ட் போட்டோம். 18,000 ரூபாய், ஆறு நாள். கவருக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்றால் 18,000 கவரில், ஏறக்குறைய பத்து நாள் ஓட்டத்தில், போட்ட பணம் திரும்பிவிடும். இன்சர்ட்டின் இடுக்கு வழியாகக் காற்றும் வெளியேறியதால், ஒல்லியான ரிப்பின் நுனி நிரம்பாமல் போகவில்லை. சைக்கிள் மறுபடி 38. லைட்டின் கோடு நேராக ஓடியது.

ஆயிரம் இரண்டாயிரம் பீஸோடு முடிகிற ஆர்டர் என்றால் செட்டிங்கே போதும், மோல்டைத் தொட வேண்டாம். ரிப் மெலிந்தால் பலமும் குறையும். எங்கள் கவர் சுமை தாங்குவதில்லை, அதனால் தப்பித்தோம். சுமை இருந்தால் ஒரு தடித்த ரிப்புக்குப் பதில் இரண்டு ஒல்லி ரிப் கேட்பேன். உருகிய மெட்டீரியல் இரண்டு பக்கமிருந்து வந்து சேரும் இடத்தில் விழும் கோடான வெல்டு லைனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு மெல்ட் சூட்டையும் மோல்டு சூட்டையும் ஏற்றிப் பார்ப்பதில்தான் நான் தொடங்குவேன். கிளாஸ் கலந்த நைலானில் நான் இந்த ரிப் வேலையைச் செய்ததில்லை, நான் சொல்வது ஏபிஎஸ் அனுபவம் மட்டும்தான்.

புது மோல்டுக்கு டிராயிங் வந்தால் இப்போது முதலில் ரிப் தடிமனைத்தான் பார்க்கிறேன். சுவரில் பாதி அளவில் வெட்டச் சொல்கிறேன். போதவில்லை என்றால், மின்பொறியால் ஸ்டீலை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்துவது அரை நாள் வேலை.