ட்ரோனில் புல்லெண்ணெய் அடிக்கக் கொடுக்கிறவர்கள் கவனம்: வயலில் புல் கோடு கோடாக நிற்பதற்குக் காரணம் எண்ணெய் அல்ல

தம்பலகாமம் பக்கம் 5 ஏக்கர் வேளாண்மைக்கு இந்தச் சிறுபோகத்தில் ட்ரோனால் களைநாசினி அடித்தார்கள். ஏக்கருக்கு 10 லீற்றர் கலவை என்பதுதான் பேச்சு. இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் நெற்சப்பிப் புல் நேர்கோடுகளில் நிற்கிறது. அடித்தவர்களைக் கேட்டால் "எண்ணெய் சரியில்லை, கடைக்காரனைக் கேளுங்க" என்கிறார்கள். எண்ணெய் பழுதென்றால் வயல் முழுக்க ஒரே சீராகப் புல் நிற்க வேண்டும். கோடு போட்டு நிற்காது. இதே மறுமொழியைக் கேட்டுவிட்டுக் கந்தளாய், மூதூர், கிண்ணியா வட்டைகளிலும் யாரும் கடைக்காரனோடு சண்டைக்குப் போகக் கூடாது என்பதற்காக, நடந்ததைக் கணக்கோடு எழுதுகிறோம்.

ட்ரோனின் திரையில் இருந்த பதிவுகள் இவை: வரிசைக்கு வரிசை இடைவெளி 6 மீற்றர், வேகம் செக்கனுக்கு 6 மீற்றர், உயரம் 3 மீற்றர். 10 லீற்றர் தாங்கி. பச்சை நிற விசிறி நொசில் நாலு.

6 மீற்றர் அகலத்தில் செக்கனுக்கு 6 மீற்றர் ஓடினால் ஒரு நிமிடத்தில் 2160 சதுர மீற்றர் முடியும். அது அரை ஏக்கருக்குச் சற்றுக் கூட. ஏக்கருக்கு 10 லீற்றர் விழ வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 5.3 லீற்றர் வெளியே வர வேண்டும். ஆனால் பச்சை நொசில் ஒன்று 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.6 லீற்றர்தான் விடும். நாலும் சேர்ந்தால் 2.4 லீற்றர். ஆக, பேசிய 10 லீற்றரில் வயலுக்குக் கிடைத்தது ஏக்கருக்கு 4.5 லீற்றர். "பம்மின் அழுத்தத்தைக் கூட்டினோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நொசிலின் ஓட்டத்தை இரண்டு மடங்காக்க அழுத்தத்தை நாலு மடங்காக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு 15 பார் வரும். இந்தப் பம்முக்கு அது முடியாது. முடிந்தாலும் துளி புகையாகிக் காற்றோடு போகும்.

இதைக் கண்டுபிடிக்க வரம்பில் நிற்கிறவருக்குக் கணக்கு வேண்டாம், கண் போதும். 5 ஏக்கருக்கு 10 லீற்றர் தாங்கி ஐந்து தடவை நிரம்ப வேண்டும். அங்கே இரண்டு தாங்கி முடிந்து, மூன்றாவதில் கால்வாசி போனதும் வேலை முடிந்துவிட்டது. விசிறிய நேரம் மொத்தம் பத்து நிமிடம்கூட இல்லை. ஒரு தாங்கிக்கு ஒரு ஏக்கர் அளவு எண்ணெய் என்று கலந்ததால், விவசாயி காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்ப் போத்தலில் பாதிக்கு மேல் மிச்சம். அந்தப் போத்தலும் அவர்களின் வாகனத்தில் ஏறிப் போய்விட்டது. அது தவறுதலா களவா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறோம்.

குறைந்த அளவு மட்டும்தான் பிழை என்றால் புல் எல்லா இடத்திலும் அரைகுறையாகச் சாகும். இங்கே 6 மீற்றருக்கு ஒரு கோடு, அதிலும் ஒன்றுவிட்டு ஒன்று, 12 மீற்றருக்கு ஒருக்கா, மிக அடர்த்தியாக இருந்தது. ஒரு நாடா பிடித்து இந்த இடைவெளியை அளந்தாலே பாதி விசயம் தெரிந்துவிடும்.

வரிசை இடைவெளியின் அளவிலேயே கோடு வந்தால் பறப்பு அகலம் பிழை: ட்ரோன் உண்மையில் நனைக்கிற அகலத்தை விட வரிசைகள் தள்ளிப் போயிருக்கின்றன. இரண்டு மடங்கு இடைவெளியில் வந்தால் ஒரு பக்கத்து நொசில் பிழை. ட்ரோன் முனையில் திரும்பி வரும்போது அதன் இடப்பக்கமும் மாறிவிடுகிறது. அதனால் இளைத்த பக்கமும் இளைத்த பக்கமும் ஒன்றுவிட்டு ஒரு இடைவெளியில் சந்திக்கும். தலை திருப்பாமல் பின்பக்கமாகவே திரும்பி வருகிற ட்ரோனுக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

நொசில்களைப் பிறகு வாளி வைத்துச் சோதித்தபோது அது வெளித்தது. சோதனை சுலபம். ட்ரோனின் பறக்கும் விசிறிகளை நிறுத்தி, தாங்கியில் வெறும் தண்ணீர் விட்டு, குழாயில் உள்ள காற்றுக் குமிழி போகும்வரை பம்மை ஓட விடுங்கள். பிறகு ஒவ்வொரு நொசிலுக்குக் கீழும் ஒரு பாத்திரம் வைத்து, சரியாக ஒரு நிமிடம் பிடித்து அளவுச்சாடியில் பாருங்கள். அங்கே வந்தது 0.70, 0.66, 0.36, 0.68 லீற்றர். கூட்டினால் 2.40. திரையும் 2.4 என்றுதான் காட்டியது! ஓட்டமானி மொத்தத்தை மட்டும் அளக்கும். ஒன்று அடைத்தால் மற்ற மூன்றும் கூடுதலாக விட்டு மொத்தத்தைச் சரிக்கட்டிவிடும். "திரையில் சரியாக இருக்கு" என்ற பேச்சுக்குப் பெறுமதி இல்லை என்பது இதனால்தான். சராசரியிலிருந்து பத்து வீதத்துக்கு மேல் விலகும் நொசிலைக் கழற்ற வேண்டும். பழைய தூள் மருந்து படிந்த வடியை மெல்லிய தூரிகையால் கழுவினால் போதும். கம்பி விட்டுக் குத்தினால் துவாரம் பெருத்து அந்த நொசில் எறியத்தான் உதவும்.

அடுத்தது உயரம். திரையில் 3 மீற்றர் என்றாலும், அது பயிரிலிருந்து அல்ல, ட்ரோன் எழும்பிய இடத்திலிருந்து. எழும்பியது வாய்க்கால் கட்டில், வயலை விட ஒரு மீற்றருக்கு மேல் உயரம். நிலத்தைப் பார்த்து உயரம் பிடிக்கிற ராடர் நிறுத்தியிருந்தது. ஆக வயலிலிருந்து உண்மையில் 4 மீற்றருக்கு மேல். அந்த உயரத்திலிருந்து விழுகிற துளியை, காலை ஒன்பது பத்து மணிக்குக் கச்சான் எழும்பியதும் பக்கத்து வயலுக்கே தள்ளிவிடும். கீழே இறக்குகிறோம் என்று ஒரு மீற்றருக்கு வந்தாலும் பிழை: விசிறிக் காற்று பயிரைச் சாய்த்து, மருந்தை ஒடுங்கிய பட்டையில் குவிக்கும். இப்படியான சிறிய ட்ரோனுக்குப் பயிர் நுனியிலிருந்து 2 மீற்றரில் தொடங்கி, கடதாசியால் சரிபார்ப்பதே முறை.

தண்ணீர் பட்டால் நீலமாகும் மஞ்சள் கடதாசி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வெள்ளைக் கடதாசியும் தண்ணீரில் கலந்த நிறச்சாயமும் போதும். பறக்கும் திசைக்குக் குறுக்காக 10 மீற்றருக்கு, அரை மீற்றருக்கு ஒன்றாக, பயிர் நுனி உயரத்தில் தடிகளில் குத்துங்கள். நடுவால் ஒருதடவை, காற்றுக்கு எதிராக, வேலை வேகத்திலேயே பறக்கச் சொல்லுங்கள். நடுவில் உள்ள கடதாசிகளோடு ஒப்பிட்டு, துளி பாதியாகக் குறைகிற இடத்தை இரண்டு பக்கமும் குறியுங்கள். அந்த இரண்டு குறிக்கும் இடைப்பட்ட தூரம்தான் வரிசை இடைவெளி. அங்கே அது 4 மீற்றர்தான் வந்தது. பிறகு மூன்று வரிசை அடுத்தடுத்துப் பறந்து, நடுவில் வெளிறிய கடதாசி இல்லையா என்று பாருங்கள்.

4 மீற்றர் இடைவெளி, நிமிடத்துக்கு 2.4 லீற்றர் என்றால், ஏக்கருக்கு 10 லீற்றர் விழ வேகம் செக்கனுக்கு 4 மீற்றர். விசிறுகிற நேரம் மட்டும் ஏக்கருக்கு நாலு நிமிடத்துக்கு மேல் வரும். ஒரு நாளைக்குக் கூடுதல் ஏக்கர் முடிக்க நினைக்கிறவருக்கு இது கசக்கும். அதுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கோடு விழுந்த வயலுக்கு முழுக்கத் திரும்ப ட்ரோன் விடச் சம்மதிக்க வேண்டாம். மருந்து பட்ட இடத்தில் இரண்டாம் தடவையும் பட்டால் நெல் மஞ்சளிக்கும். லேபலில் சொன்ன பயிர் வயது தாண்டவில்லையென்றால், முதுகில் கொழுவுகிற தெளிகருவியால் கோடுகளில் மட்டும் அடியுங்கள். அதற்கு முன், இடைவெளி தெரிய நாடா வைத்துப் படம் எடுங்கள். வரிசை இடைவெளி, வேகம், உயரம், போன லீற்றர் எல்லாம் காட்டுகிற அன்றைய பறப்புப் பதிவையும், காசு எண்ணிக் கொடுக்க முதலே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.