பார் எக்ஸாம்: மனப்பாடமா, புரட்டிப் பழகுவதா?

கொழிஞ்சாம்பாறையில் நானும் சித்தூரில் என் மச்சானும் ஒரே நேரத்தில் வழக்கறிஞர்களுக்கான அகில இந்திய பார் தேர்வுக்குத் தயாரானோம். எங்கள் தேர்வில் 100 கேள்வி, மூன்றரை மணி நேரம், தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. விளக்கக் குறிப்பு இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்ட் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். அவன் பிரிவு எண்களை உருப்போட்டான், நான் புரட்டிப் பழகினேன்.

உருப்போட்டால் வேகம் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்ஸில் அதே 482 முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. பழைய எண்ணை நன்றாகப் படித்தவர்தான் இங்கே யோசிக்காமல் தப்பு விடையின் வட்டத்தைக் கறுப்பாக்குவார். மச்சானும் மாதிரித் தேர்வில் அப்படித்தான் செய்தான்.

புரட்டுவதும் சும்மா வராது. முதல் நாள் நான் முன்ஜாமீனைத் தேடி நாலு நிமிஷம் திணறினேன். ஒரு கேள்விக்குக் கிடைப்பதே இரண்டு நிமிஷம் சொச்சம்தான். திணறக் காரணம், பிரிவுப் பட்டியலில் முன்ஜாமீன் என்ற சொல்லே இல்லை. கைதுக்கு அஞ்சுபவருக்குப் பிணை வழங்கப் பணிப்பது என்ற பொருளில்தான் தலைப்பு இருக்கிறது. எப்ஐஆரும் அப்படித்தான்: 173-வது பிரிவின் தலைப்பு பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்கள் பற்றிய தகவல் என்று போகும். அப்புறம்தான் புரிந்தது, நினைவில் வைக்க வேண்டியது எண்ணை அல்ல, சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயரையும் அது எந்த அத்தியாயத்தில் கிடக்கிறது என்பதையும்தான். பிணை என்றால் 35-வது அத்தியாயம், 478 முதல் 496 வரை. அங்கே விரல் போனால் பத்தொன்பது தலைப்பைப் பார்த்தால் போதும்.

பிறகு தினமும் இருபது பழைய கேள்விகளை எடுத்து, விடை எழுதாமல் சட்டம், அத்தியாயம், பக்கம் மட்டும் குறித்தேன். 90 விநாடி தாண்டினால் அந்தத் தலைப்பை மறுபடி வாசிப்பேன். ஒரு வாரத்தில் முன்ஜாமீன் அரை நிமிஷத்துக்குள் வந்தது.

எல்லாச் சட்டமும் சேர்ந்த ஒரே தடிப் புத்தகம் வாங்கலாமா என்று மச்சான் கேட்டான். எனக்குத் தனித்தனி ஆக்ட்தான் பிடித்தது; மேசையில் எடுத்தவுடன் எந்தச் சட்டம் என்று தெரியும். ஓரத்தில் பேனாவால் எழுதி வைக்காதீர்கள், அது குறிப்பாகிவிடும். ஒட்டுத்தாளுக்கு ஹால் டிக்கெட்டின் நிபந்தனையைப் பாருங்கள்.

நூறையும் தேடவும் முடியாது. முதல் சுற்றில் தெரிந்ததை எழுதி, தேட வேண்டியதற்குப் புள்ளி வைத்தேன். நாற்பது கேள்வியை இரண்டு நிமிஷம் வீதம் தேடினாலும் 80 நிமிஷம்தான். கேசவானந்த பாரதி மாதிரித் தீர்ப்புக் கேள்விகளுக்கு மட்டும் பேர் ஆக்ட் உதவாது. அங்கே மச்சானுடைய நோட்டைத்தான் வாங்கி உருப்போட்டேன்.