பதினேழு பேருக்கு மட்டும்: ஒரு குடும்ப வீடியோவும் மூன்று வருட அனுபவமும்

மூன்று வருடங்களுக்கு முன், அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அம்மாவைப் பேச வைத்து ஒரு வீடியோ எடுத்தேன். முப்பத்தெட்டு நிமிடம். சிறு வயதிலேயே இறந்துபோன தன் தம்பியைப் பற்றியும், தானும் பெரியம்மாவும் பல வருடம் பேசாமல் இருந்ததைப் பற்றியும் அதில் மனம்விட்டுப் பேசியிருந்தார். கேமராவை அணைத்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். “என் கூடப்பிறந்தவர்கள் பார்க்கட்டும், அவர்கள் பிள்ளைகள் பார்க்கட்டும். அதற்கு மேல் யாரும் வேண்டாம்.” எண்ணிப் பார்த்தால் பதினேழு பேர்.

யூடியூபில் ஏற்றும்போது யார் பார்க்கலாம் என்பதற்கு மூன்று தேர்வுகள் வரும்: Public, Unlisted, Private. முதலாவது எனக்கு வேண்டாம் என்பது தெளிவு. மற்ற இரண்டில் நான் Unlisted என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தேடினால் வராது, என் சானல் பக்கத்திலும் தெரியாது, பார்ப்பவர்களுக்குக் கூகுள் கணக்கும் தேவையில்லை. வயதானவர்களுக்கு இதைவிட எளிதாக என்ன இருக்க முடியும் என்று நினைத்து, பதினேழு பேருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக இணைப்பை அனுப்பினேன். எல்லோரும் அன்றே பார்த்துவிட்டார்கள். சித்தி வீடியோவின் கீழேயே நான்கு பத்தி எழுதியிருந்தார்.

எட்டு மாதம் எந்தச் சிக்கலும் இல்லை. பிறகு ஒரு நாள், நான் இரண்டே முறை சந்தித்திருந்த ஒருவர் என்னிடம், “உங்கள் அம்மா தம்பியைப் பற்றிப் பேசிய இடத்தில் எனக்கும் கண் கலங்கிவிட்டது” என்றார். அவர் பதினேழு பேரில் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்வை எண்ணிக்கையைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே ஆள் மறுபடியும் மறுபடியும் பார்த்தாலும் எண்ணிக்கை கூடும். பெரியம்மா வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். யார் பார்த்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலும் உரிமையாளருக்குக் கிடைக்காது. எந்த வழியாக வந்தார்கள் என்பது மட்டும் ஓரளவு தெரியும். ஆகவே ஒவ்வொருவராக விசாரித்தேன். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் தன் மனைவியின் வீட்டார் குழுவில் இணைப்பைப் போட்டிருந்தார். என் அம்மா பேசுவதை அவர்களும் கேட்கட்டும் என்ற பாசம்தான் காரணம். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. Unlisted என்றால் இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் பார்க்கலாம் என்பதுதான் பொருள். நான் யாருக்கு அனுப்பினேன் என்பது அந்த ஏற்பாட்டில் எங்குமே பதிவாகவில்லை.

அண்ணனின் போனை வாங்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இணைப்புக்கு மேலே வாட்ஸ்அப் ஒரு சிறிய முன்னோட்டம் காட்டியது. அதில் அம்மாவின் முகம், பக்கத்தில் நான் வைத்திருந்த தலைப்பு: “அம்மா, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு.” வீடியோவைத் திறக்காதவர்களுக்குக்கூட அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த செய்தி போய்விட்டது. முன்னோட்டம் செய்தியோடு சேர்ந்தே போய்விடுவதால், பிறகு வீடியோவை நான் மூடினாலும் அந்தப் படமும் தலைப்பும் அவர்கள் உரையாடலில் அப்படியே இருக்கும். அன்றிலிருந்து குடும்ப வீடியோக்களுக்குத் தலைப்பாகத் தேதியை மட்டுமே வைக்கிறேன். முகப்புப் படமாக ஜன்னலோ மேசையோ தெரியும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கிறேன்.

பழைய இணைப்பைச் செல்லாததாக்கிவிட்டுப் புதிய இணைப்பு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யூடியூபில் அது முடியாது. இணைப்பின் முடிவில் வரும் பதினொரு எழுத்துகள் அந்த வீடியோவின் நிரந்தர அடையாளம். சில நாள் Private ஆக்கி வைத்துவிட்டுத் திரும்பவும் Unlisted ஆக்கினால், அதே பழைய இணைப்பு மறுபடியும் உயிர்பெற்றுவிடும். ஒன்று, வீடியோவை நிரந்தரமாக Private ஆக்க வேண்டும். அல்லது அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். புதிதாக ஏற்றினால் பதினேழு பேரிடமும் மறுபடி ஒரு இணைப்பு போகும், எட்டு மாதம் கழித்து இதே கதை நடக்கும். அதனால் Private.

Private என்பதன் அடிப்படையே வேறு. இங்கே இணைப்பு யாரிடம் போனாலும் பயனில்லை. உள்ளே வர அழைக்கப்பட்ட கணக்கு வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவைக் கணினியில் திறந்து, வீடியோவின் பார்வை அமைப்பில் Private என்று வைத்துவிட்டு, தனிப்பட்ட முறையில் பகிரும் பெட்டியில் மின்னஞ்சல் முகவரிகளை இட வேண்டும். ஒரு வீடியோவுக்கு ஐம்பது முகவரிகள் வரை சேர்க்கலாம். அழைக்கப்பட்டவர் அதே கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். கருத்துப் பகுதி இருக்காது. சித்தி எழுதிய நான்கு பத்திகளும் அதோடு மறைந்தன. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மாற்றுவதற்கு முன் அவற்றை நகலெடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கருத்துகள் உள்ள வீடியோவை மூடப் போகிறவர்கள் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

முகவரிகளைச் சேகரிக்க இரண்டு வாரம் ஆனது. தாங்கள் பயன்படுத்தும் முகவரி எது என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பெரியம்மா விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மூன்று வருடத்தில் நான் சந்தித்த சிக்கல்களில் பெரும்பாலானவை அதே வகைதான்.

அவர் கொடுத்த முகவரியைச் சேர்த்துவிட்டேன். மறுநாள் போன் வந்தது. “இது தனிப்பட்ட வீடியோ என்று வருகிறதே, என்னைச் சேர்க்கவில்லையா?” குரலில் வருத்தம் தெரிந்தது. பழைய மனஸ்தாபத்தைப் பற்றிய வீடியோவில் அவர் பெயரே விடுபட்டது என்று நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பதறியது. ஸ்டுடியோவில் பார்த்தேன், முகவரி சரியாகவே இருந்தது. “யூடியூபைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் சின்ன வட்டப் படத்தைத் தொடுங்கள் பெரியம்மா. என்ன பெயர் வருகிறது?” என்று கேட்டேன். பேரன் பெயர் வந்தது. அவன் விளையாட்டு வீடியோ பார்ப்பதற்காகத் தன் கணக்கை அந்தப் போனில் சேர்த்திருந்தான். யூடியூப் அவன் கணக்கில்தான் திறந்தது. பட்டியலில் இருந்து அவர் பெயரைத் தொட்டுக் கணக்கை மாற்றச் சொன்னேன். சில நொடிகளில் அம்மாவின் குரல் போனுக்குள் கேட்டது.

பேரனின் முகவரியையும் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்று அவர் மகன் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கு பையனின் போனிலும், அவன் உள்நுழைந்த மற்றக் கருவிகளிலும் திறந்திருக்கும். அம்மா சொன்ன வரம்புக்குள் அவன் வரவும் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியிலும் இதே கதைதான்: அங்கே யார் கணக்கு திறந்திருக்கிறதோ அவருடைய உரிமைதான் செல்லும். “போனில் வருகிறது, டிவியில் வரவில்லை” என்று யாராவது சொன்னால் நான் வேறெதையும் யோசிப்பதில்லை, டிவியில் எந்தக் கணக்கு என்றுதான் கேட்கிறேன்.

மாமா ஒருவருக்குக் கூகுள் கணக்கே இல்லை, அலுவலக மின்னஞ்சல் மட்டும்தான். ஏற்கெனவே இருக்கும் எந்த மின்னஞ்சலை வைத்தும் கூகுள் கணக்கு தொடங்கலாம் என்றாலும், ஓய்வு பெற்றதும் போய்விடக்கூடிய முகவரி வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து புதிதாக ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். வயதான இன்னொரு மாமாவுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று பென்டிரைவில் போட்டு நேரில் கொடுத்துவிட்டேன்.

மூலக் கோப்பு கூகுள் டிரைவில் இருக்கிறது. யூடியூபில் ஏற்றிய வீடியோவை ஸ்டுடியோவிலிருந்து திரும்ப இறக்கினால் அதிகபட்சம் 720p தரத்தில்தான் கிடைக்கும், அதனால் மூலத்தைத் தனியே வைத்திருப்பது அவசியம். அங்கேயும் ஒரு முறை தவறு செய்தேன். பழைய குடும்பப் படங்கள் இருந்த ஃபோல்டருக்குள் வீடியோவை இழுத்துப் போட்டேன். அந்த ஃபோல்டர் எப்போதோ Anyone with the link என்று திறந்துவிடப்பட்டது. உள்ளே போகும் கோப்புக்கும் அந்த உரிமை தானாக வந்துவிடும். இப்போது வீடியோவுக்குத் தனி ஃபோல்டர், Restricted என்ற அமைப்பு, பார்வையாளர் உரிமை மட்டும். பார்ப்பவர்கள் இறக்கிக்கொள்வதைத் தடுக்கும் தேர்வையும் அமைப்புகளில் பயன்படுத்துகிறேன். திரையில் ஓடுவதை இன்னொரு போனால் படம் பிடிப்பதை எந்த அமைப்பாலும் தடுக்க முடியாது; பதினேழு பேரிடமும் அதை வாய்விட்டே கேட்டுக்கொண்டேன்.

ஃபோல்டர் தவறு எனக்குத் தெரியவந்தது ஒரு சிறிய பழக்கத்தால். எந்த இணைப்பை அனுப்புவதற்கு முன்பும் அதை நகலெடுத்து, பிரவுசரின் மறைநிலைச் சன்னலில் ஒட்டிப் பார்ப்பேன். அங்கே என் கணக்கு திறந்திருக்காது; முன்பின் தெரியாத ஒருவருக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும். உள்நுழையச் சொன்னால் பூட்டு சரியாக இருக்கிறது. அன்று உள்நுழையச் சொல்லவில்லை, வீடியோ நேராக ஓடத் தொடங்கியது. சாதாரணச் சன்னலில் மட்டும் சோதித்திருந்தால் உரிமையாளராகிய எனக்கு எப்படியும் ஓடியிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது.

கணினியிலிருந்து புதிதாக ஏற்றும் எல்லாமே முதலில் Private ஆக விழும்படி ஸ்டுடியோவின் இயல்பு அமைப்புகளில் வைத்துவிட்டேன். அவசரத்தில் எதையாவது பார்க்காமல் அழுத்திவிட்டாலும் பூட்டியபடியே இருக்கும்.

போன மாதம் அம்மா, “இப்போது அதை யார் யார் பார்க்கலாம்?” என்று கேட்டார். பகிர்வுப் பெட்டியைத் திறந்து, எந்த முகவரி யாருடையது என்று சொல்லிக்கொண்டே வாசித்தேன். பென்டிரைவ் வாங்கிய மாமாவையும் சேர்த்துச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததும், “தம்பியை அடக்கம் செய்த அன்று என் கூடவே இருந்தாளே, அவளைச் சேர்” என்று தன் பள்ளித் தோழியின் பெயரைச் சொன்னார். அவருடைய மகளுக்குப் போன் செய்து முகவரி வாங்கினேன். அன்று மாலையே அவர்கள் வீட்டில் வீடியோ ஓடியது. முடியும்வரை இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.