மணிக்கட்டில் வாசல்மணி: காது கேளாதோருக்கான கடிகார அறிவிப்பு, நெல்லை வீடுகளில் ஓராண்டுப் பயன்பாட்டில்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். ஆப்பிள் கடிகாரம் வாசல்மணியைக் கேட்பதில்லை. கேட்பது ஐபோன்தான், கடிகாரம் அந்தச் செய்தியை அதிர்வாக மணிக்கட்டுக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. நடைமுறையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறவாசலில் துணி காயப்போட்டால் பெல் சத்தம் போனுக்கே எட்டாது. அதனால் போன் ஹாலில், பெல் இருக்கும் சுவரை ஒட்டியே இருக்கட்டும். கடிகாரம் மட்டும் கையோடு போகட்டும். புளூடூத் இரண்டு சுவர் தாண்டினால் தடுமாறும். போனும் கடிகாரமும் வீட்டு வைஃபையில் இருந்தால் கொல்லை வரைக்கும் செய்தி வந்து சேரும்.

ஒலியை அறியும் வசதி 2020இல் iOS 14உடன் வந்தது. அதில் Door Bell என்று ஆயத்தமாக ஒன்று உண்டு. ஆனால் நம் கடைகளில் விற்கும் பெல்களில் பாதி குருவி மாதிரிக் கத்தும், மீதி பக்திப்பாட்டு பாடும். அதற்கு 2022இல் iOS 16உடன் வந்த சொந்த ஒலி வசதிதான் சரி. Settings, Accessibility, Sound Recognition, Sounds என்று போய் Custom Appliance or Doorbell என்பதைத் தொட்டு, பெயர் கொடுத்து, பெல்லை ஐந்து முறை அடித்துப் பதிய வேண்டும். பதியும்போது மின்விசிறியும் டிவியும் நிற்க வேண்டும். போன் எப்போதும் எங்கே இருக்குமோ அங்கேயே வைத்துப் பதிவதுதான் நல்லது.

இங்கே அடிக்கடி சறுக்குவது ஒன்று. ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேறு வேறு பாட்டு பாடும் பெல் என்றால் ஐந்து பதிவும் ஐந்து விதமாக இருக்கும். போன் எதைத்தான் பிடித்துக்கொள்ளும்? அந்த பெல்லைக் கழற்றிவிட்டு, எப்போதும் ஒரே மாதிரி அடிக்கும் சாதாரண டிங்டாங் பெல்லை மாட்டுவதே தீர்வு. அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் வேறு வழி கிடைக்காது.

கதவு தட்டும் ஒலிக்கு Door Knock இருக்கிறது. ஆனால் நம் பக்கம் யார் மரக்கதவைத் தட்டுகிறார்கள்? கேட்டின் கொண்டியைத்தான் ஆட்டுவார்கள், அதுவும் ஆளுக்கு ஒரு விதமாக. இதை நம்ப முடியாது. ஆடிக் காற்றில் சன்னல் அடித்தாலோ "கதவு தட்டப்பட்டது" என்று அடிக்கடி வந்து நிற்கும். அந்தக் காற்றுக் காலம் முழுக்க Door Knockஐ அணைத்து வைத்து, கேட்டிலேயே ஒரு பெல் சுவிட்ச் வைத்துவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும், "பெல் அடிச்சேன், யாருமே வரலியேம்மா" என்று சிலிண்டர்காரர் சொன்னால், பார்க்க வேண்டியவை சில. போனில் யாராவது வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் செய்தி போன் திரையிலேயே நின்றுவிடும், கடிகாரத்துக்கு வராது. போன் பூட்டியிருக்க வேண்டும். கடிகாரம் தளர்ந்து, தானே பூட்டிக்கொண்டிருந்தாலும் வராது. முந்தைய அறிவிப்பில் விரல் பட்டு Snooze ஆகியிருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால், அதிர்வு வந்தும் அதை இன்னொரு வாட்ஸ்அப் என்று நினைத்து விட்டிருப்பார்கள். அதுதான் அதிகம் நடப்பது. ஐபோனின் Watch செயலியில் Notifications பகுதிக்குப் போய்த் தேவையில்லாத செயலிகளை அணைத்துவிட்டு, Sounds & Haptics பகுதியில் Prominent வைத்தால் பெல்லின் அதிர்வு தனித்துத் தெரியும்.

கடிகாரத்தின் திரை ஒளிர்வது கண்ணில் படுவது அரிது. வெளிச்சம் வேண்டுமானால் போனில் LED Flash for Alerts போடலாம். அந்த விளக்கு போனின் முதுகில் இருப்பதால், முதுகு அறையைப் பார்த்தபடி சாய்த்து வைக்க வேண்டும். அதைவிட உறுதியானது பழைய முறை: பெல்லோடு இணையாக ஒரு பல்பு ஹோல்டர். பெல் அடிக்கும்போதெல்லாம் பல்பும் எரியும். எலக்ட்ரீசியனுக்கு இது சின்ன வேலை, போனும் தேவையில்லை. பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில் பெல், பல்பு, வைஃபை மூன்றும் சேர்ந்து படுக்கும் என்பதால், இவற்றை இன்வெர்ட்டர் லைனில் மாட்டச் சொல்ல வேண்டும்.

சமையலறை கேஸ் கசிவு அலாரத்தை Custom Alarm ஆக, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தியே பதியலாம். ஆனால் ஆபத்து நேரத்தில் இந்த வசதியை நம்பியிருக்க வேண்டாம் என்று ஆப்பிளே அந்தத் திரையில் எச்சரிக்கிறது. மிக்ஸி ஓடினாலோ, தகரக் கூரையில் மழை கொட்டினாலோ தவறும். இரவில் இன்னொரு ஓட்டை: கடிகாரத்தைக் கழற்றி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் எழுப்ப ஆளில்லை. சார்ஜை விளக்கேற்றும் நேரத்துக்கு மாற்றி, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே படுக்க வேண்டும். தனியாகத் தூங்குபவர் என்றால், அலாரத்தோடு வயரில் இணைந்து தலையணைக்கடியில் அதிரும் கருவியையும் வாங்கி வைக்க வேண்டும்.