ரெய்ஷி காளான் கேப்ஸ்யூலை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் இப்போது தெரிந்தவர்கள் மூலமாகவே ரெய்ஷி காளான் பொடி விற்பனைக்கு வருகிறது. கேப்ஸ்யூலாகவும் கிடைக்கிறது, காபித்தூளில் கலந்தும் கிடைக்கிறது. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, கேன்சர் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாதான். எங்கள் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், வீட்டில் யாராவது இதை வாங்கி வைத்திருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டு, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 7.2-இல் ஒழுங்காக நின்றது. கோவில் கொடையில் பழக்கமான ஒருவர் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, இந்த இங்கிலீஷ் மாத்திரை கிட்னியத் தின்னுரும். இத ரெண்டு மாசம் சாப்பிடுங்க, அதக் கொஞ்சங்கொஞ்சமா விட்டுரலாம்" என்று சொல்லியிருக்கிறார். 90 கேப்ஸ்யூல் டப்பா 2,400 ரூபாய். பில் கிடையாது. பெரியப்பா மாத்திரையை முதலில் பாதியாக்கினார், அப்புறம் நிறுத்திவிட்டார்.

மீட்டரில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 240 காட்டியதும் அந்த ஆளுக்குப் போன் போட்டார். "பயப்படாதீங்க அண்ணாச்சி, உள்ள ஒளிஞ்சு கெடந்த சர்க்கரை வெளிய வருது, மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்று பதில் வந்தது. வயிறு இளகிப் போனதற்கு, "நஞ்சு கழியுது" என்றார். இந்தப் பேச்சைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை இறங்கினாலும் மருந்தின் வெற்றி, ஏறினாலும் மருந்தின் வெற்றி. எந்த ரிப்போர்ட்டைக் காட்டியும் இவர்களை மடக்க முடியாது. ஒளிந்திருக்கிற சர்க்கரை என்று உடம்பில் ஒன்றும் கிடையாது. மாத்திரையை நிறுத்தியதால்தான் ஏறியது. பாளையங்கோட்டையில் டெஸ்ட் எடுத்தபோது ஹெச்பிஏ1சி 10.1. டாக்டர் மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்கி, கூட இன்னொரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

சரி, இந்தக் காளானை மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா? சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில், இரண்டாம் வகைச் சர்க்கரையோடு இடுப்புச் சதை, பிரஷர் போன்றவையும் சேர்ந்திருந்த 84 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2016-இல் வெளியானது. சிலருக்குக் காளான் கேப்ஸ்யூல், சிலருக்குக் காளானோடு கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையும் சேர்த்து, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாத வெற்றுக் கேப்ஸ்யூல். ஒரு நாளைக்கு 3 கிராம், 16 வாரம். ஹெச்பிஏ1சியிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் வெற்றுக் கேப்ஸ்யூலைவிட எந்த நன்மையும் தெரியவில்லை. பெரியப்பா சாப்பிட்டதோ 250 மில்லிகிராம் கேப்ஸ்யூல் நாலு, அதாவது ஒரு கிராம். மூன்று மடங்கு கொடுத்தும் இறங்காத சர்க்கரை இதில் எப்படி இறங்கும்? விற்பவர்கள் காட்டும் படங்களில் இருப்பவை பெரும்பாலும் எலியிலும் கண்ணாடிக் குழாயிலும் செய்த சோதனைகள். கேன்சருக்கும் இதே கதைதான்: சிகிச்சையோடு கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடம் சில சிறு மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன, தனி மருந்தாகக் கட்டியைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆபத்தே இல்லாத மூலிகை என்பதும் சரியல்ல. இந்தக் காளான் பொடியைச் சாப்பிட்டபின் ஈரல் கெட்டு ஒருவர் இறந்ததைத் தாய்லாந்து மருத்துவர்கள் 2007-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான். ஆனால் கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ, அதையும் "நஞ்சு கழியுது" என்று சொல்ல ஆள் இருக்கிறது என்பதுதான் பயம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

அப்புறம், டப்பாவுக்குள் இருப்பது காளான்தானா? அமெரிக்காவில் வாங்கிய 19 ரெய்ஷிப் பொருட்களைச் சோதித்ததில் 5 மட்டுமே லேபிளில் சொன்ன காளானோடு பொருந்தின; அதுவும் 2017-இல் வெளிவந்த ஆய்வு. நெல், கோதுமை போன்ற தானியத்தில் பூஞ்சை வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடுவதும் உண்டு. லேபிளில் 'பாலிசாக்கரைடு 30 சதவீதம்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருளுக்குத்தான் அந்தப் பெயர். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான், அதனால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. காளானின் செல் சுவரில் இருக்கும் பாலிசாக்கரைடான பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாக இருக்கிறதா பாருங்கள்.

நான் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் பள்ளி லேபில் வாங்கிய அயோடின் கரைசலை இரண்டு சொட்டு விட்டேன். கருநீலமாகிவிட்டது. காளானில் மாவுச்சத்து கிடையாது, அப்படியென்றால் மாவு கலந்திருக்கிறது. சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் தெரியாது, ஆறவிட வேண்டும். நிறம் மாறாவிட்டால் அசல் என்று முடிவு கட்டவும் முடியாது. மாவு இல்லை என்பது மட்டும்தான் தெரியும்.

பணத்தைக் கேட்டதற்கு, பிரித்த டப்பாவைத் திரும்ப வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். பில் இல்லாததால் மேற்கொண்டு பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருட மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அவர் கொடுத்த டப்பாவிலேயே 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் இருந்தது. வாங்கியவர்கள் அந்த லேபிளையும், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பும் குணமாகும் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-இலும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.